எல்எல்ஆர் கேள்வித்தாளில் சாலைச் சின்னங்களைப் படிப்பது எப்படி

அக்கா மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். எல்எல்ஆர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் கொடுத்த மாதிரிக் கேள்வித்தாளை யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருவர் செல்போனில் படம் பிடித்து, அது நாலைந்து பேர் கை மாறி அவளிடம் வந்திருக்கிறது. மொத்தம் பத்துக் கேள்விகள், எல்லாமே சாலைச் சின்னங்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், அதில் ஒன்றுக்கு யாரோ பேனாவால் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். பத்தாவது கேள்வி பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. "மாமா, இந்த டிக் எல்லாம் சரிதானா? அப்படியே மனப்பாடம் பண்ணிக்கட்டுமா?" என்று கீழே எழுதியிருந்தாள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று தப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 சொல்வது, கேட்ட கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியான பதில் சொன்னால் தேர்ச்சி என்பதுதான். அப்படிப் பார்த்தால் பத்துக்கு ஆறு போதும், இந்தத் தாளை அப்படியே ஒப்பித்தாலும் அவள் பாஸ். ஆனால் அந்த மூன்றும் கவனக்குறைவால் வந்த தப்புகள் இல்லை. மூன்றிலும் டிக் அடித்தவர் படத்தைப் பார்த்திருக்கிறார், படத்தைச் சுற்றி இருந்ததைப் பார்க்கவில்லை, அல்லது கேள்வி எதைக் கேட்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. சின்னங்களில் பலரும் சறுக்குவது இந்த இரண்டு இடத்திலும்தான் என்பதால் அவளுக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கூட்டல் குறி மாதிரி ஒரு படம். அது முக்கோணத்துக்குள் இருந்தால் முன்னால் நாற்சந்தி வருகிறது என்று அர்த்தம். அதே கூட்டல் குறி நீல நிறச் சதுரப் பலகையில் இருந்தால் பக்கத்தில் முதலுதவி நிலையம் இருக்கிறது என்று அர்த்தம். படம் ஒன்றுதான், சுற்றியிருக்கும் வடிவம் மாறியதும் பொருள் முழுக்க வேறாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் முதல் அட்டவணை சின்னங்களை மூன்றாகப் பிரிக்கிறது, கட்டாயச் சின்னங்கள், எச்சரிக்கைச் சின்னங்கள், தகவல் சின்னங்கள். வட்டம் என்றால் கட்டளை, கேட்டே ஆக வேண்டும், சட்டத்தின் 119-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது, தயாராகு என்று அர்த்தம். செவ்வகமோ சதுரமோ என்றால் வெறும் தகவல். விதிவிலக்கு என்று பார்த்தால் முக்கியமானவை இரண்டு, 'நில்' என்கிற எண்கோணமும் 'வழி விடு' என்கிற தலைகீழ் முக்கோணமும். இரண்டும் கட்டளைகள்தான். அவற்றுக்கு மட்டும் தனி வடிவம் கொடுத்திருப்பதால், பலகையில் தூசி படிந்து எழுத்தே தெரியாவிட்டாலும், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் அதன் முதுகைப் பார்த்தாலும் கூட என்ன சின்னம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

வட்டத்துக்குள்ளும் இரண்டு வகை உண்டு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு வளையம் போட்டிருந்தால் 'கூடாது' அல்லது 'இதற்கு மேல் போகாதே'. முழுக்க நீல வட்டமாக இருந்து அதற்குள் வெள்ளையில் படம் இருந்தால் 'இதைச் செய்தே ஆக வேண்டும்'. 50 என்ற எண் சிவப்பு வளையத்துக்குள் இருந்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது, அதே 50 நீல வட்டத்தில் இருந்தால் அதற்குக் குறைவாக ஓட்டக் கூடாது. நேர் எதிர்.

இங்கேதான் ஜெராக்ஸ் தாளின் பிரச்சினை வருகிறது. நிறம் போய்விட்டது. சிவப்பும் நீலமும் இரண்டுமே கறுப்பாகவோ அடர் சாம்பலாகவோதான் தெரிகின்றன. அந்தத் தாளின் இரண்டாவது கேள்வியில் ஒரு வட்டத்துக்குள் பழைய கால ரப்பர் ஹாரன் படம், விடைகள் 'ஹாரன் அடிக்கக் கூடாது', 'கட்டாயம் ஹாரன் அடிக்க வேண்டும்', 'ஹாரன் அடிக்கலாம்'. டிக் விழுந்திருந்தது 'கூடாது'க்கு. ஹாரன் படத்தைப் பார்த்ததும் மருத்துவமனை வாசல், பள்ளிக்கூட வாசல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்கும், கை தானாக அங்கே போயிருக்கும். நியாயம்தான், நம் ஊரில் நாம் அதிகம் பார்த்திருப்பது அந்தச் சின்னத்தைத்தான்.

ஆனால் நிறம் போனாலும் ஒரு விஷயம் போகாது. எது இருட்டு, எது வெளிச்சம் என்பது ஜெராக்ஸிலும் அப்படியே இருக்கும். 'கூடாது' சின்னத்தில் வட்டத்தின் உள்பக்கம் வெள்ளை, ஓரம் மட்டும் இருட்டு, ஹாரன் கறுப்பு, அதன் மேல் சாய்வாக ஒரு கோடு. 'கட்டாயம்' சின்னத்தில் வட்டம் முழுக்க இருட்டு, ஹாரன் மட்டும் வெள்ளை, குறுக்குக் கோடே கிடையாது. அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இருட்டு வட்டத்துக்குள் வெள்ளை ஹாரன், கோடு எதுவும் இல்லை. விடை 'கட்டாயம் ஹாரன் அடிக்க வேண்டும்'. அப்படி ஒரு சின்னம் எதற்கு என்று கேட்டால், மலைப்பாதை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எதிரே மேலிருந்து பஸ் இறங்குகிறதா என்று வளைவுக்குள் நுழையும் வரை கண்ணுக்குத் தெரியாது, காது ஒன்றுதான் துணை. அந்த மாதிரி இடத்துக்கான கட்டளை இது. அங்கே 'ஹாரன் அடிக்கக் கூடாது' என்று படித்துப் பழகியவர் வாயை மூடிக்கொண்டு திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த ஒரு டிக் ஏன் முக்கியம் என்று புரியும்.

இந்த இருட்டு வெளிச்சக் கணக்குக்கு ஒத்துவராத சின்னங்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 'நிற்கவே கூடாது' சின்னம் சிவப்பு ஓரம் போட்ட நீல வட்டம், நடுவே சிவப்பில் பெருக்கல் குறி. உள்ளே நீலம் இருந்தாலும் இது தடைதான். ஜெராக்ஸில் இது மொத்தமாக ஒரு கறுப்பு உருண்டையாகிவிடும், பெருக்கல் குறி மங்கலாகத் தெரிந்தால் பெரிய விஷயம். அந்தத் தாளின் நான்காவது கேள்வி இப்படித்தான் இருந்தது. டிக் சரியாகவே விழுந்திருந்தது, ஆனால் அவள் கேட்ட சந்தேகம் ரொம்ப நல்ல சந்தேகம். "மூணு விடையில ரெண்டு ஒரே மாதிரி இருக்கே மாமா?" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உள்ள சிக்கல். வண்டியை ஓரம் கட்டிப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போவதையும் 'வண்டியை நிறுத்தினான்' என்கிறோம், ஆளை இறக்கிவிட ஒரு நிமிடம் நிற்பதையும் 'வண்டியை நிறுத்தினான்' என்கிறோம், சிக்னலில் நிற்பதற்கும் அதே வார்த்தைதான். அதனால் தமிழ்த் தாளில் 'வாகனம் நிறுத்தக் கூடாது', 'வாகனம் நிற்கவோ நிறுத்தவோ கூடாது' என்று இரண்டு விடைகள் அடுத்தடுத்து வரும்போது படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வித்தியாசத்தைக் கோடுகளின் எண்ணிக்கையில் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சாய்வுக் கோடு என்றால் பார்க்கிங்தான் கூடாது, ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டு உடனே கிளம்பலாம். பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு என்றால் அதுவும் கூடாது, அந்த இடத்தில் சக்கரம் நிற்கவே கூடாது. பேருந்து நிலைய வாசல், பாலத்தின் மேல், குறுகலான முக்கியச் சாலை மாதிரி இடங்களில், ஒரு வண்டி அரை நிமிடம் நின்றாலும் பின்னால் வரிசை கட்டிவிடும் என்பதால் வைப்பது.

சரி, இனி தாளில் எனக்கு மிகவும் கவலை தந்த ஏழாவது கேள்வி. முக்கோணத்துக்குள் ஒரு ரயில் என்ஜின் படம். விடைகள், 'காவலர் உள்ள ரயில்வே கேட்', 'காவலர் இல்லாத ரயில்வே கிராசிங்', 'ரயில் நிலையம் அருகில்'. டிக் 'காவலர் உள்ள ரயில்வே கேட்'.

ஏன் அப்படி விழுகிறது என்று புரிகிறது. ரயில் படம் போட்டிருக்கிறது, ரயில் என்றதும் கேட், கேட் என்றதும் கேட் கீப்பர். பிறகு இன்னொரு முக்கோணத்தில் வேலி மாதிரி, மரச் சட்டம் அடித்த மாதிரி ஒரு படம் வரும், அதைப் பார்த்து 'இது என்ன, சாலை முடிகிறதா, தடுப்பா' என்று குழம்பி அதற்கும் தப்பாக டிக் அடிப்பார்கள். இரண்டையும் ஒரே நூலில் கோத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. எச்சரிக்கைச் சின்னத்தில் இருப்பது, நீங்கள் தொடர்ந்து போனால் உங்கள் முன்னால் முதலில் எது வந்து நிற்குமோ அது. கேட் இருக்கும் இடத்தில் உங்களை முதலில் மறிப்பது கேட், அதனால் கேட்டின் படம். கேட் இல்லாத இடத்தில் உங்களை மறிக்க எதுவுமே இல்லை, நேராகப் போனால் எதிரே இருப்பது ரயில்தான், அதனால் ரயிலின் படம். இந்தச் சின்னங்களோடு சாய்வுப் பட்டைகளும் வரும், இரண்டு பட்டை இருந்தால் கிராசிங் இன்னும் 200 மீட்டர் தூரத்தில், ஒரே பட்டை என்றால் 50 முதல் 100 மீட்டருக்குள். கிட்டே போகப் போகப் பட்டை குறையும்.

இந்தச் சின்னத்தை வைத்தே இன்னொரு விதமாகவும் கேட்பார்கள், பொருளைக் கேட்காமல் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று. 'ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாகக் கடக்க வேண்டும்', 'வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும்', 'வண்டியை இடது ஓரமாக நிறுத்தி, இறங்கி, தண்டவாளம் வரை நடந்து போய் இருபுறமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு கடக்க வேண்டும்'. மூன்றாவதைப் படிக்கும்போது இவ்வளவு நீளமாக எழுதி வைத்திருக்கிறார்களே, யாராவது இறங்கி நடப்பார்களா என்று தோன்றும். ஆனால் அதுதான் விடை, அதுவும் கிட்டத்தட்டச் சட்டத்தின் வாசகமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு, காவலர் இல்லாத கிராசிங்கில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ உடன் வருகிற வேறு யாராவதோ முன்னால் நடந்து போய்ப் பார்த்து வண்டியைக் கடத்திவிட வேண்டும், அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. டிராலி என்று தனியாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தண்டவாளத்தைச் சோதிக்கிறவர்கள் வரும் தள்ளுவண்டி அது, ரயில் மாதிரிச் சத்தம் கேட்காது.

இதில் ஒரு உண்மை நிலவரமும் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வே தன் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லா கிராசிங்குகளை 2019 ஜனவரி இறுதிக்குள் எடுத்துவிட்டது, சிலவற்றில் ஆள் போட்டார்கள், சில இடங்களில் கீழே சுரங்கப்பாதை அமைத்தார்கள், சிலவற்றை மூடிவிட்டார்கள். அதனால் 'இனிமேல் இந்தச் சின்னத்தைப் படிக்க வேண்டுமா' என்று கேட்கிறவர்கள் உண்டு. 131-ஆவது பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது, கேள்வித் தொகுப்பிலும் இருக்கிறது. தேர்வுக்கு மட்டுமல்லாமல் எனக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் இது பிடித்த கேள்வி. ஒரு சின்னத்தின் பொருளும், அதைப் பார்த்ததும் செய்ய வேண்டிய செயலும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கேள்வி அந்தத் தாளில் இல்லை. என்ஜின் படத்தைப் பார்த்து 'ஆளில்லா கிராசிங்' என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் கூட, 'என்ன செய்வாய்' என்றால் 'மெதுவாகப் போவேன்' என்றுதான் சொல்லுவார்.

எனவே கேள்வியை வாசிக்கும்போது கடைசி வார்த்தையைப் பாருங்கள். 'எதைக் குறிக்கிறது' என்று முடிந்தால் பெயர் கேட்கிறார்கள். 'ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்' என்று முடிந்தால் செயல் கேட்கிறார்கள். செயல் கேள்வியில் மூன்று விடைகளில் ஒன்று கண்டிப்பாக முட்டாள்தனமாக இருக்கும், அதை எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். மீதி இரண்டும் நியாயமாகத் தோன்றும். அந்த இரண்டுக்கு நடுவில்தான் தேர்வே இருக்கிறது.

ஒன்பதாவது கேள்வி இதற்குச் சரியான உதாரணம், மூன்றாவது தப்பும் அங்கேதான். 'வழுக்கும் சாலை' சின்னத்தைக் கண்டால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? 'கியரை மாற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும்', 'பிரேக் போட வேண்டும்', 'அதே வேகத்தில் செல்ல வேண்டும்'. டிக் 'பிரேக்' மேல். வேகம் குறைய வேண்டும் என்பது சரி, வேகம் குறைய பிரேக் போடுகிறோம் என்பதும் தினமும் நாம் செய்வது. அப்புறம் ஏன் தப்பு?

டயர் சாலையைப் பிடிப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. உலர்ந்த தார் சாலையில் அந்த எல்லை மிகவும் தள்ளி இருப்பதால் நாம் அதை உணர்வதே இல்லை. முதல் மழை பெய்து, தூசியும் சிந்திய ஆயிலும் ஒன்றாகக் கலந்து சாலை மேல் மெல்லிய பசை மாதிரிப் படரும்போதோ, செம்மண் லாரி போன பாதையில் தண்ணீர் தெளித்திருக்கும்போதோ அந்த எல்லை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அப்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றுவது சட்டென்று நின்றுவிடும், வண்டி மட்டும் போன வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். சுற்றாத சக்கரத்தை ஹேண்டில்பாரோ ஸ்டியரிங்கோ திருப்பிப் பயனில்லை, வண்டி திரும்பாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒரு கியர் கீழே இறக்கினால், என்ஜினே சக்கரத்தை மெல்லப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும், ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கியர் விடை சரி.

இந்த விடைக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாளில் சொல்ல மாட்டார்கள். கியரை இறக்கிவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டால் பின்சக்கரம் அதே மாதிரி வழுக்கத்தான் செய்யும், மெதுவாக விட வேண்டும். அக்கா மகள் ஓட்டப் போவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அவளிடம் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. அவள் செய்ய வேண்டியது ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விட்டுவிட்டு, வண்டியை நேராக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிக மெல்லத் தொடுவது. வளைவுக்குள் போன பிறகு தொடக் கூடாது, வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். தேர்வில் மட்டும் கியர் விடையைத் தொடச் சொன்னேன், கேள்வி எழுதப்பட்டது கியர் வண்டியை மனதில் வைத்து என்றும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்தது.

டிக் தெரிந்த மற்ற ஆறிலும் அது சரி என்றாலும், இரண்டைப் பற்றி அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், அதனால் சொல்கிறேன். 'குறுகிய பாலம்', 'முன்னால் சாலை குறுகுகிறது' இரண்டுமே முக்கோணத்துக்குள் இரண்டு கோடுகள்தான். எச்சரிக்கைச் சின்னத்தில் சாலையைக் கோடாக வரைந்திருந்தால் அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் விளிம்பு நீங்கள் இப்போது இருக்கும் இடம், மேலே போகப் போக முன்னால் வரப்போவது. கோடுகள் கீழே அகலமாகத் தொடங்கி மேலே நெருங்கி அப்படியே நின்றால் சாலை குறுகுகிறது, அந்தக் குறுகல் தொடரும். கீழேயும் மேலேயும் இரண்டு முனையும் வெளிப்பக்கமாக விரிந்து நடுவில் மட்டும் நெருக்கமாக இருந்தால், குறுகலுக்குள் போய் மறுபடி வெளியே வந்துவிடுவீர்கள், அது பாலம். இதே போல வளைவுகளையும் படிக்கலாம். கீழிருந்து கிளம்பிய அம்பு முதலில் வலப்பக்கம் ஒடிந்து பிறகு இடப்பக்கம் திரும்பினால், முதல் திருப்பம் வலது, அதனால் அதற்கு வலது என்றுதான் பெயர் வரும். அம்பு முனை எங்கே பார்க்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்கிறவர்கள் இதில் தப்பு செய்வார்கள்.

பாலத்துக்கும் ஒரு செயல் கேள்வி உண்டு. குறுகிய பாலத்தை நெருங்குகிறீர்கள், எதிர்முனையில் ஒரு வண்டி பாலத்துக்குள் நுழையப் போகிறது. வேகத்தைக் கூட்டிச் சீக்கிரம் கடப்பதா, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நுழைவதா, அந்த வண்டி கடந்து வரும்வரை காத்திருப்பதா? காத்திருப்பதுதான் விடை. ஹெட்லைட் விடையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், காரணம் நம் சாலைகளில் எதிர் வண்டிக்காரர் லைட்டை அணைத்துப் போட்டால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தமாகிவிட்டது. அது பழக்கம், விதியில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லைட் அடித்தால் யார் நிற்பது?

இன்னொன்று ஒருவழிப்பாதை. 'ஒருவழிப்பாதை என்று குறிக்கப்பட்ட சாலையில்' என்று தொடங்கி, 'பார்க்கிங் கூடாது', 'முந்திச் செல்லக் கூடாது', 'ரிவர்ஸ் கியரில் ஓட்டக் கூடாது' என்று மூன்று விடை. மூன்றுமே 'கூடாது' என்று முடிவதால் எல்லாமே ஒழுக்கமான விடைகளாகத் தெரிகின்றன. ஆனால் ஒருவழி என்ற சின்னம் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது, வண்டிகள் ஒரே திசையில்தான் போக வேண்டும். பார்க்கிங்கைத் தடுக்க அதற்கென்று தனிச் சின்னம் இருக்கிறது, முந்துவதைத் தடுக்கவும் தனிச் சின்னம் இருக்கிறது. திசைக்கு எதிராகப் போவது எது? ரிவர்ஸ். வண்டியின் முகம் சரியான பக்கம் பார்த்திருந்தாலும் சக்கரம் தப்பான பக்கம் உருள்கிறது. கடையைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பத்தடி பின்னால் எடுப்பதும் இதில் அடக்கம்.

இந்த மாதிரிப் படங்களை வைத்துப் படிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உண்மையான தேர்வு கம்ப்யூட்டரில், வண்ணப் படங்களோடு வரும், பெரிய தொகுப்பிலிருந்து கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும். 'ஏழாவதுக்கு இரண்டாவது விடை' என்று படித்துப் போனால் அங்கே ஏழாவதில் வேறு ஏதோ இருக்கும். சிலர் ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனியாக வெட்டி அனுப்புகிறார்கள், அதில் படம் தலைகீழாகப் போயிருந்தால் வெறும் முக்கோணம் 'வழி விடு' ஆகிவிடும். பக்கத்தில் எழுத்து இருக்கும் முழுத் தாளாக இருந்தால் எது மேல் எது கீழ் என்றாவது தெரியும். அதனால் அவளிடம் வெட்டிய படங்களை வைத்துப் படிக்காதே என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக அந்த வெட்டுப்பட்ட பத்தாவது கேள்வி. போட்டோவின் கீழ் ஓரத்தில் விடைகள் மட்டும் தெரிந்தன, கேள்வியும் சின்னமும் மடிப்பில் மறைந்துவிட்டன. 'ஹாரன் அடித்துவிட்டுச் செல்ல வேண்டும்', 'வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துச் செல்ல வேண்டும்', 'வண்டியை நிறுத்தி, அவர்கள் கடந்த பிறகு செல்ல வேண்டும்'. டிக்கும் தெரியவில்லை. "கேள்வியே இல்லாம எப்படி மாமா?" என்றாள். 'அவர்கள்' என்ற சொல்லே கேள்வியைச் சொல்லிவிடுகிறது என்றேன். யாரோ கடக்கக் காத்திருக்கிறார்கள், அதனால் இது முக்கோணத்துக்குள் கோடுகள் மேல் ஒரு ஆள் நடக்கும் சின்னம், பாதசாரிகள் கடக்கும் இடம். முதல் விடையை யாரும் தொட மாட்டார்கள். இரண்டாவதுதான் ஆளை இழுக்கும், வேகத்தையும் குறைக்கிறோம், எச்சரிக்கையும் செய்கிறோம், பொறுப்பாக நடந்துகொண்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அதில் வண்டி நிற்கவே இல்லை. காத்திருக்கிற வயதானவருக்கு அந்த ஹாரன் 'நீ அங்கேயே நில், நான் போகிறேன்' என்றுதான் கேட்கும். கோடு போட்ட இடத்தில் முதல் உரிமை நடக்கிறவருக்கு, அதனால் மூன்றாவது. அவள் உடனே தன் தெரு முனையில் இருக்கும் வெள்ளைக் கோடுகளைச் சொன்னாள், அங்கே இவள் தினமும் காலையில் டியூஷனுக்குப் போகக் கடக்கக் காத்திருப்பாளாம், இதுவரை ஒரு வண்டியும் நின்றதில்லையாம். அடுத்த மாதம் அவள் ஸ்கூட்டரில் அதே கோட்டுக்கு வரும்போது, கோட்டின் இந்தப் பக்கம் வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.